பதிவுப் பொத்தானை அழுத்தும் முன்

வானொலியில் வேலை செய்கிறவனிடம் பாட்டு கேட்பார்கள், பரிசுப் போட்டி எப்போது என்று கேட்பார்கள். கடந்த சில வருடங்களாக என்னிடம் அதிகம் வரும் கேள்வி வேறு. "அண்ணா, ஸ்கிரீனை ரெக்கார்ட் பண்ண எந்த ஆப் நல்லது?" பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இளைஞர்கள், பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நண்பர்கள் என்று எல்லாருக்கும் இந்தத் தேவை இருக்கிறது. ஊடகவியல் படித்தவன், ஒலிப்பதிவோடு நாள் முழுக்கப் பழகுகிறவன், இவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

நான் உடனே எந்தச் செயலியின் பெயரையும் சொல்வதில்லை. "உங்க கணினியிலேயே ஒன்னு இருக்கே, அது ஏன் போதல?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மீதிப் பேருக்கு, 'கூடவே வருவது சாதாரணமாகத்தான் இருக்கும், வெளியிலிருந்து இறக்குவதுதான் தரமானது' என்ற எண்ணம். இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு. 'கணினியோடு வந்தால் பாதுகாப்பு, வெளியிலிருந்து வந்தால் ஆபத்து' என்பார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை. அதைச் சொல்ல என் அக்காவின் கதைதான் சரியாக இருக்கும்.

அக்கா மாசாயில் இருக்கிறார். நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் எட்டுப் பேருக்கு இயங்கலையில் கணித வகுப்பு எடுக்கிறார். வாரத்தில் இரண்டு நாள், கூகல் மீட்டில் ஒரு மணி நேரம். இலவசக் கணக்கு என்பதால் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் அறுபது நிமிடம்தான் கிடைக்கும். வகுப்பைப் பதிவு செய்யும் வசதியும் அந்த இலவசக் கணக்கில் கிடையாது. எஸ்.பி.எம். நெருங்கும் நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொரு பிள்ளைக்குப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. தவறவிட்ட வகுப்பைக் கேட்டுப் பெற்றோர் புலனத்தில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் அக்கா என்னை அழைத்தார்.

"தம்பி, நான் காட்டுற பக்கமும் என் குரலும் பதிவாகணும். பிள்ளைங்க கேக்குற கேள்வியும் கேக்கணும். ஆனா அவங்க முகம் வேணாம். அப்புறம், இலவசம்னு சொல்லி ஒரு மாசம் கழிச்சு காசு கேக்குற கதையும் வேணாம்."

நான் கேட்டதிலேயே மிகத் தெளிவான தேவைப் பட்டியல் இதுதான். எந்தக் கருவி வேண்டும் என்பதை இந்த நான்கு வரிகளே முடிவு செய்துவிடும்.

அக்காவின் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. அதில் ஸ்னிப்பிங் டூல் என்ற கருவி கூடவே வருகிறது. Windows, Shift, S மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமாக வெட்டி எடுக்கலாம். அதே கருவியில் இப்போது காணொளிப் பதிவும் உண்டு. பதிவாக வேண்டிய பகுதியைச் சுட்டியால் வரைந்துவிட்டுத் தொடங்கினால் போதும். ஒலிவாங்கியையும் கணினியில் வரும் ஒலியையும் தனித்தனியே இயக்கலாம், நிறுத்தலாம். காசு இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம், படத்தின் மேல் யாருடைய விளம்பர முத்திரையும் விழாது. அலுவலகத்தில் ஒருவருக்கு, 'இந்தப் படிவத்தை இப்படி நிரப்புங்கள்' என்று இரண்டு நிமிடம் காட்டுவதற்கு இதைவிட வேறு எதுவும் தேவையில்லை.

விண்டோஸில் இன்னொன்றும் இருக்கிறது, கேம் பார். Windows, Alt, R அழுத்தினால் பதிவு தொடங்கும். விளையாட்டுகளுக்காகச் செய்தது என்பதால் அது ஒரே ஒரு செயலியின் சாளரத்தை மட்டும் பிடிக்கும். முகப்புத் திரையையோ கோப்புகளைத் திறக்கும் சாளரத்தையோ பதிவு செய்யாது. பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்று சிலர் குழம்புவது இதனால்தான்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு Command, Shift, 5. இது 2018 முதல் இருக்கிறது. ஒலிவாங்கியில் பேசுவது பதிவாகும். ஆனால் கணினிக்குள் ஒலிப்பது, அதாவது எதிர்முனையில் இருப்பவர் பேசுவது, அதில் பதிவாகாது. இயங்கலைப் பேட்டியை இப்படிப் பதிவு செய்தால் கேள்வி மட்டும் இருக்கும், பதில் இருக்காது. அதனால் புதிய கருவி எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்து, காதில் ஒலிபெருக்கி மாட்டிக் கேட்டுப் பாருங்கள். படம் வந்திருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைவதுதான் எல்லாரும் செய்வது. பெரும்பாலும் காலை வாருவது ஒலி.

அக்காவுக்கு வருகிறேன். ஸ்னிப்பிங் டூலில் ஒரு வகுப்பைப் பதிவு செய்து பார்த்தோம். பக்கம் தெளிவாக இருந்தது. குரல்களும் இருந்தன. சிக்கல் எங்கே என்றால், அக்காவின் குரலும் பிள்ளைகளின் குரலும் ஒரே ஒலித்தடத்தில் கலந்துவிட்டன. ஒரு மாணவர் ஒலிவாங்கியை அணைக்க மறந்து, அவர் வீட்டுத் தொலைக்காட்சி பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தது. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி, பிறகு பிரிக்க முடியாது. வானொலிக்காரனுக்கு இது தினசரிப் பாடம். பேட்டி எடுக்கும்போது இருவர் குரலையும் இரண்டு தடங்களில் எடுப்போம். ஒருவர் இருமினால் அந்த இடத்தில் அவர் தடத்தை மட்டும் அடக்கலாம்.

இங்கேதான் வெளியிலிருந்து ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. கூடவே வரும் கருவி மோசம் என்பதால் இல்லை. எங்களுக்கு வேண்டிய, பெயர் சொல்லக்கூடிய ஒரு வசதி அதில் இல்லை என்பதால். நாங்கள் எடுத்தது ஓபிஎஸ் ஸ்டூடியோ. 2012-இல் தொடங்கிய திறந்தமூல மென்பொருள். முழுக்க இலவசம், நேர வரம்பு இல்லை, முத்திரை இல்லை, பதிவு செய்வதற்குக் கணக்கும் தேவையில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாமல், obsproject.com என்று நேராகத் தட்டச்சு செய்து இறக்கினோம். பிரபலமான இலவச மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்கள் நடத்துவது பழைய தந்திரம்.

முதல் முறை திறந்தால் ஓபிஎஸ் கொஞ்சம் மிரட்டும். விமானி அறை மாதிரி இருக்கும். ஆனால் அக்காவுக்குத் தேவைப்பட்ட அமைப்பு நான்கு வேலைதான்.

முதல் வேலை, எதைப் படம் பிடிப்பது. 'Display Capture' என்று போட்டால் முழுத் திரையும் பதிவாகும். இடையில் புலனத்தில் வரும் செய்தி, வங்கி அறிவிப்பு எல்லாம் சேர்ந்து விழும். அதற்குப் பதிலாக 'Window Capture' போட்டு, பாடப் பக்கம் திறந்திருக்கும் சாளரத்தை மட்டும் தேர்ந்தெடுத்தோம். கூகல் மீட் சாளரம் வேறு என்பதால் பிள்ளைகளின் முகம் பதிவுக்குள் வரவே வராது. மூலையில் எட்டிப் பார்க்கும் செய்திகளும் வராது. ஒன்றைக் கவனியுங்கள்: சில மடிக்கணினிகளில் இப்படித் தேர்ந்தெடுத்ததும் கறுப்புக் கட்டம் மட்டும் தெரியும். அந்தச் சேர்க்கையின் அமைப்பில் 'Capture Method' என்று ஒன்று இருக்கும். அதை மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் படம் வந்துவிடும்.

இரண்டாவது வேலை, ஒலித்தடங்கள். ஓபிஎஸ்ஸில் ஆறு தடங்கள் வரை வைக்கலாம். நாங்கள் மூன்று வைத்தோம். முதல் தடத்தில் எல்லாக் குரலும் கலந்து. இரண்டாவதில் அக்காவின் ஒலிவாங்கி மட்டும். மூன்றாவதில் கணினியில் ஒலிப்பது, அதாவது பிள்ளைகளின் குரல் மட்டும். முதல் தடத்தில் ஏன் கலவை என்றால், சாதாரணமாகக் காணொளியைத் திறக்கும்போது முதல் தடம்தான் ஒலிக்கும். அதில் அக்காவின் குரல் மட்டும் இருந்தால், மாணவர் குரல் பதிவாகவில்லை என்று நினைத்துவிடுவோம்.

மூன்றாவது வேலை, ஒலி அளவு. ஓபிஎஸ்ஸின் கீழே பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள் ஆடும். இயல்பாகப் பேசும்போது முனை மஞ்சளில் விளையாட வேண்டும். பச்சையிலேயே அடங்கிக் கிடந்தால் குரல் சன்னமாக இருக்கும். சிவப்பின் கடைசி முனையை முட்டினால் குரல் உடைந்துபோகும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரி செய்ய முடியாது. அப்புறம், காதில் ஒலிபெருக்கி கட்டாயம். இல்லையென்றால் பிள்ளைகளின் குரல் மடிக்கணினியின் ஒலிபெருக்கியிலிருந்து வெளியே வந்து, அக்காவின் ஒலிவாங்கிக்குள்ளும் புகுந்துவிடும். தடத்தைப் பிரித்து வைத்ததன் பயனே போய்விடும்.

நான்காவது, கோப்பு வகை. எம்பி4 வகைக் கோப்பு வழக்கமாகத் தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். பதிவு முடிவதற்குள் கணினி உறைந்துபோனால் ஒரு மணி நேர உழைப்பும் திறக்காத கோப்பாகிவிடும். மாலை நேரத்து இடியும் மழையும் ஜொகூர் பாருக்குப் புதிதா? எம்கேவி வகையில் அந்தப் பயம் இல்லை. நின்ற இடம் வரை பத்திரமாக இருக்கும். வகுப்பு முடிந்ததும் ஓபிஎஸ்ஸிலேயே 'Remux Recordings' என்ற கட்டளையில் எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளலாம். படத்தரம் குறையாது, சில வினாடிகளில் முடிந்துவிடும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று அக்கா கேட்டார். கணித ஆசிரியை, கணக்கில்லாமல் நம்பமாட்டார். பாடப் பக்கம் அதிகம் அசையாது என்பதால், படமும் ஒலியும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 2000 கிலோபிட் போதும் என்று வைத்தோம். எட்டால் வகுத்தால் 250 கிலோபைட். ஒரு மணி நேரத்துக்கு 3600 வினாடி. ஆகமொத்தம் 900 மெகாபைட். வாரம் இரண்டு வகுப்பு, மாதம் எட்டு, ஏறக்குறைய 7 கிகாபைட். சாதாரண மடிக்கணினிக்கு இது ஒரு பாரம் இல்லை.

இனி அந்தரங்கம். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் பதிவில் இருப்பவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். கூட்டத்தை நடத்தும் செயலியே பதிவு செய்தால், 'இது பதிவாகிறது' என்று எல்லார் திரையிலும் அறிவிப்பு வரும். ஓபிஎஸ்ஸும் ஸ்னிப்பிங் டூலும் நம் கணினியின் திரையைத்தான் பிடிக்கின்றன. எதிரில் இருப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. ஆக, சொல்ல வேண்டிய பொறுப்பு நம்முடையது. அக்கா பெற்றோர்களுக்குப் புலனத்தில் எழுதினார்: எது பதிவாகும், முகம் வராது, யாருக்குக் கொடுக்கப்படும், தேர்வு முடிந்ததும் அழிக்கப்படும். எட்டுப் பேரும் சரி என்று எழுதிய பிறகுதான் தொடங்கினார். இதில் நாகரிகத்தோடு சட்டமும் இருக்கிறது. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடும்ப, வீட்டு விவகாரங்களுக்குப் பொருந்தாது, வணிக நடவடிக்கைகளுக்குப் பொருந்தும். கட்டணம் வாங்கி வகுப்பு எடுக்கும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று யோசித்துப் பார்ப்பது நல்லது.

தனித்தடத்தின் இன்னொரு பயன் இங்கே தெரிந்தது. வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பிரதியில் எல்லாக் குரலும் இருக்கும், கேள்வி இல்லாமல் பதில் புரியாது. ஆனால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு, ஷாட்கட் போன்ற இலவசத் தொகுப்பு மென்பொருளில் இரண்டாவது தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனிப் பிரதி எடுத்தால் பழைய மாணவர்களின் குரல் ஒன்றுகூட இருக்காது. ஒலித்தரத்துக்காகத் தேடிய வசதி பிள்ளைகளின் அந்தரங்கத்தையும் காத்தது.

சரி, வெளியிலிருந்து வருவதுதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? கைத்தொலைபேசிக்கு வந்தால் கதை தலைகீழாகிறது.

ஐரெக்கார்டர் என்று ஓர் ஆண்ட்ராய்டு செயலி இருந்தது. திரையைப் பதிவு செய்வதுதான் வேலை. 2021 செப்டம்பரில் கூகல் பிளேயில் வந்தபோது அதில் எந்தக் கெடுதலும் இல்லை. சொன்ன வேலையைச் செய்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, 2022 ஆகஸ்டு வாக்கில் வந்த ஒரு புதுப்பிப்பில் உளவு நிரல் சேர்ந்துகொண்டது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிடம், சுற்றியுள்ள பேச்சை ஒலிவாங்கி மூலம் பதிவு செய்து வெளியே அனுப்பியது. ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 மே மாதம் இதை வெளிப்படுத்தியது. அதற்குள் செயலி கடையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? 'அதிகாரபூர்வக் கடையிலிருந்துதானே இறக்கினேன், விமர்சனம் எல்லாம் பார்த்தேனே' என்ற இரண்டு கவசமும் இங்கே வேலை செய்யவில்லை. இறக்கிய நாளில் செயலி சுத்தமாகத்தான் இருந்தது. திரைப் பதிவுச் செயலி என்பதால் ஒலிவாங்கி அனுமதியும் கோப்பு அனுமதியும் கேட்டபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேலைக்கு அது தேவைதானே. அந்த அனுமதிதான் பிறகு கதவாகிப்போனது.

அதனால் கைத்தொலைபேசியில் என் பரிந்துரை எளிது. ஐபோனில் திரைப் பதிவு 2017 முதல் கூடவே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 11ஆம் பதிப்பு முதல், அதாவது 2020 முதல் இருக்கிறது. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் கிடைக்கும் பொத்தான்தான். ஐபோனில் அந்தப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ஒலிவாங்கியை இயக்கலாம். ஆண்ட்ராய்டில் கருவியின் ஒலியா, ஒலிவாங்கியா, இரண்டுமா என்று கேட்கும். இதற்கு மேல் ஒரு செயலி இறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. ஏற்கனவே இறக்கி வைத்திருந்தால், அமைப்புகளுக்குள் போய் ஒலிவாங்கி அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பாருங்கள். பயன்படுத்தாத செயலியை அனுமதியைப் பறிப்பதோடு விடாமல் நீக்கியே விடுங்கள். புலனத்தில் ஏபிகே கோப்பாக வருவதைத் தொடவே வேண்டாம். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் அப்படி அனுப்பி ஏமாற்றுவதைப் பற்றி நம் காவல்துறையே எச்சரித்திருக்கிறது.

வங்கிச் செயலியைத் திறந்து படம் எடுத்தால் சில தொலைபேசிகளில் கறுப்பாக வரும், அல்லது அனுமதியில்லை என்று சொல்லும். அது பழுது இல்லை. அந்தச் செயலியே 'என் திரையைப் பிடிக்க விடாதே' என்று ஆண்ட்ராய்டிடம் சொல்லி வைத்திருக்கிறது. இதைத் தாண்டிப் படம் எடுத்துத் தருவதாக ஒரு செயலி சொன்னால், அதன் நோக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் கூடவே வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதற்கும் ஒரு கதை உண்டு. 2023 மார்ச்சில், சைமன் ஆரன்ஸ், டேவிட் புகேனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கூகல் பிக்சல் தொலைபேசியின் படத்திருத்தக் கருவியில் ஓர் ஓட்டையைச் சொன்னார்கள். திரைப்படத்தின் ஒரு பகுதியை வெட்டிவிட்டுச் சேமித்தால், புதிய சின்னப் படம் பழைய கோப்பின் மேல் எழுதப்பட்டது. ஆனால் பழைய கோப்பின் வால் பகுதி துண்டிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. பெரிய பலகையில் எழுதியதன் மேல் பாதியை மட்டும் அழித்துப் புதிதாக எழுதிவிட்டு, கீழ்ப் பாதியைத் துணியால் மூடி வைத்த மாதிரி. துணியை விலக்கத் தெரிந்தவர், வெட்டி எறிந்ததாக நாம் நினைத்த பகுதியில் கணிசமானதை மீட்டெடுக்க முடிந்தது. சில நாட்களிலேயே விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும், விண்டோஸ் 10-இல் இருந்த அதன் சகோதரக் கருவியிலும் இதே குறை இருப்பது தெரிந்தது. ஏற்கனவே சேமித்த படத்தைத் திறந்து, வெட்டி, அதே பெயரில் சேமித்தவர்களுக்கு அங்கே சிக்கல். இரண்டு நிறுவனங்களும் அந்த மாதமே திருத்தம் வெளியிட்டன. ஆனால் திருத்தம் புதிய படங்களுக்குத்தான் உதவும். அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்கள் யாரிடம் இருக்கின்றனவோ அங்கே அப்படியே இருக்கும்.

நம் வீட்டில் இது எங்கே தொடும்? அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், ஜொகூர் என்றால் 01. கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். பாதியை மறைத்தாலும் மீதி நிறையப் பேசும் எண் அது. வாடகை வீட்டுக்கு, பள்ளிப் பதிவுக்கு, பரிசு வாங்குவதற்கு என்று அந்த எண் உள்ள திரைப்படங்களை நாம் வெட்டி வெட்டி அனுப்பிக்கொண்டே இருக்கிறோம்.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. மறைக்க வேண்டியதை முதலிலேயே படத்துக்குள் வராமல் எடுப்பேன். முழுத் திரையை எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுவதைவிட, வேண்டிய பகுதியை மட்டும் பிடிப்பது மேல். மறைக்கத்தான் வேண்டும் என்றால் முழுக் கறுப்புக் கட்டம் போடுவேன். ஒளிரும் பேனாவால் கறுப்படித்தால் அடியில் இருப்பது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினாலே தெரிந்துவிடும். கட்டம் கட்டமாகக் கலங்கடித்த எழுத்துகளையும் மீட்க இலவச நிரல்கள் வந்துவிட்டன. மறைத்த பிறகு அந்தப் படத்தைத் திரையில் திறந்து, அதை இன்னொரு முறை திரைப்படம் எடுத்து, அந்த இரண்டாவது படத்தை அனுப்புவேன். புதிய கோப்பில் பழைய வால் இருக்க வழியில்லை. பழைய படத்தைச் சோதிக்க வேண்டுமா? பாதிக்கு மேல் வெட்டியும் கோப்பின் அளவு குறையாமல் அப்படியே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு இடமும் பார்க்க வேண்டும். கோப்பு எங்கே போய் உட்காருகிறது? ஸ்னிப்பிங் டூல் எடுக்கும் படங்கள் Pictures அடைவுக்குள் Screenshots என்ற பெயரில் தாமாகவே சேமிக்கப்படும். அந்த அடைவுக்கு ஒன்டிரைவ் காப்புப்பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், நாம் யாருக்கும் அனுப்பாமலே படம் இணையத்துக்கு ஏறிவிடும். வீட்டில் ஒரே கணக்கை எல்லாரும் பயன்படுத்தினால், அப்பாவின் மருத்துவ அறிக்கை பிள்ளையின் கைப்பலகையிலும் தெரியும். வெளியிலிருந்து வரும் சில கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், படத்தைத் தங்கள் தளத்தில் ஏற்றி இணைப்பு ஒன்றைத் தருகின்றன. லைட்ஷாட் என்ற பிரபலமான கருவியின் இணைப்புகள் குட்டியான எழுத்து, எண் வரிசையாக இருந்ததால், கண்டபடி மாற்றித் தட்டச்சு செய்தே முன்பின் தெரியாதவர்களின் படங்களைப் பார்க்க முடிந்தது. கடவுச்சொல் கிடையாது. 'இணைப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது' என்பது பூட்டு ஆகாது.

கடைசியாகக் காசு. அக்கா பயந்த இடம் அதுதான். 'இலவசம்' என்ற சொல்லுக்கு இந்தச் சந்தையில் பல அர்த்தம். பேண்டிகாமின் இலவசப் பதிப்பு பத்து நிமிடத்தில் நின்றுவிடும், மேலே தன் பெயரையும் பதிக்கும். லூம் என்ற சேவையின் இலவசக் கணக்கில் காணொளி ஒன்றுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் இருபத்தைந்து காணொளி, அவ்வளவுதான். ஐந்து நிமிட அலுவலக விளக்கத்துக்கு அது நல்ல சேவை. ஒரு மணி நேர வகுப்புக்கு அது பொருந்தாது. காசு கொடுத்து வாங்கும் ஸ்னாகிட் போன்றவை, நீண்ட பக்கத்தை உருட்டி ஒரே படமாக எடுப்பது, அம்புக்குறியும் எண்ணும் போட்டு விளக்குவது போன்றவற்றில் உண்மையிலேயே வசதியானவை. தினமும் கையேடு எழுதுகிறவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் காலம் போய், ஆண்டுச் சந்தாவுக்கு மாறிவிட்டார்கள். டாலரில் போடும் சந்தா நம் வெள்ளியில் ஒவ்வொரு வருடமும் ஒரே தொகையாக இருக்காது. சோதனைக் காலத்துக்கு அட்டை எண்ணைக் கேட்டால், முடியும் தேதியை அன்றே நாள்காட்டியில் எழுதுங்கள்.

அக்காவின் செலவு, காதில் மாட்டும் ஒலிபெருக்கிக்கு நாற்பது வெள்ளி, ஓபிஎஸ்ஸைப் பழகிக்கொள்ள ஒரு சனிக்கிழமை மதியம். திரைப்படம் எடுக்க இன்றும் ஸ்னிப்பிங் டூல்தான். கைத்தொலைபேசியில் எதையும் புதிதாக இறக்கவில்லை. வகுப்புப் பதிவுக்கு மட்டும் ஓபிஎஸ். 'எல்லாத்துக்கும் ஒரே ஆப் போதாதா தம்பி?' என்று கேட்டார். போதாது அக்கா, வெங்காயம் நறுக்கும் கத்தியால் தேங்காய் உடைப்பதில்லையே என்றேன்.

போன டிசம்பரில், எஸ்.பி.எம். எழுதி முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர் அனுப்பிய செய்தியை எனக்கும் காட்டினார். அந்த வருடத்து வகுப்புப் பதிவுகளை அழித்துவிட்டதாகவும், தன் குரல் மட்டும் உள்ள ஆறு பாடங்களை வைத்திருப்பதாகவும், வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். மூன்று பேர் கேட்டிருந்தார்கள், தங்கள் அடுத்த பிள்ளைக்காக.